வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று: இரண்டு எக்ஸ்போஷரை கிரேடியன்ட் மாஸ்க்கால் இணைப்பது எப்படி?

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம். வானத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் கீழே இருக்கும் பாறையும் புல்லும் கறுத்துப் போகின்றன. தரைக்கு ஏற்ப வைத்தால் மேகமெல்லாம் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. இரண்டு படமாக எடுத்து, ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு ஒட்டிவிடலாம் என்பது பலருக்கும் தெரியும். செய்து பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அடிவானத்தில் ஒரு வெளுத்த பட்டை வந்திருக்கும், அல்லது மலை முகடு மட்டும் காரணமில்லாமல் இருண்டு நிற்கும்.

முகடு இருள்வது பெரும்பாலும் இரண்டு படங்களின் வெளிச்ச இடைவெளியைக் கலப்பதற்கு முன்பே குறைக்காததால். வெளுத்த பட்டைக்குக் காரணம் பெரும்பாலும் கிரேடியன்ட்தான்: அதன் நடுப்பகுதி அடிவானக் கோட்டின் மேலேயே விழுந்திருக்கும். அது எங்கே விழ வேண்டும், எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்து முழுதாகப் பார்ப்போம். ஃபோட்டோஷாப்பில் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஜிம்ப் பயன்படுத்துபவர்களுக்கான வேறுபாடுகள் இடையில் வரும்.

நம் காட்சி இது. முன்னால் ஓர் ஏரிக்கரை, சில பாறைகள். ஏரிக்கு அப்பால் ஒரு தாழ்வான மலைத்தொடர். இடது ஓரத்தில் ஒரு மரம். அதன் உச்சி மலை முகட்டைத் தாண்டி வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. படத்தின் அளவு 6000 × 4000 பிக்சல். மேலிருந்து எண்ணினால் மலை முகடு ஏறக்குறைய 1500ஆவது பிக்சலில், மலையடிவாரம் 1900இல் இருக்கிறது. இந்த 400 பிக்சல் பட்டைதான் நமக்கு முக்கியம்.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

கேமரா ட்ரைபாடில் இருக்கட்டும், ஃபோகஸ் மேனுவலில் இருக்கட்டும். இரண்டு ஷாட்டுக்கும் இடையில் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். அபெர்ச்சரை மாற்றினால் எது வரை கூர்மை என்பது மாறிவிடும். பிறகு ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஎஸ்ஓவை மாற்றினால் ஒரு பாதியில் மட்டும் நாய்ஸ் கூடித் தெரியும். ரா ஃபார்மட்டில் எடுப்பது கிட்டத்தட்ட கட்டாயம். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

நம் காட்சியில் எஃப் 11, ஐஎஸ்ஓ 100. வானத்துக்கு 1/250 நொடி. ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைத் தொடாமல், அதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவு. தரைக்கு 1/30 நொடி. இப்போது பாறைகளின் நிழல் இடது ஓரத்தில் முட்டாமல் விலகி நிற்கிறது. 250இலிருந்து 125, 60, 30 என்று மூன்று படி, அதாவது மூன்று ஸ்டாப். தரைக்கான படத்தில் எட்டு மடங்கு ஒளி விழுந்திருக்கிறது.

மூன்று ஸ்டாப் என்பது கிரேடியன்ட் மாஸ்க்குக்கு வசதியான இடைவெளிதான். நாலுக்கு மேல் போனால் நடுவில் இன்னொரு எக்ஸ்போஷரும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்குள் இருந்தால், இப்போதைய சென்சார்களில் ஒரே ரா ஃபைலை இரண்டு விதமாக டெவலப் செய்தாலே வேலை முடிந்துவிடும். காற்றடித்து மரம் ஆடும்போது அந்த வழிதான் மேல், ஏனென்றால் ஒரே ஷாட்டில் கிளை இரண்டு இடத்தில் இருக்க வழியில்லை.

மேகம் நகர்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தரைப் படத்தில் இருக்கும் வானத்தை நாம் அநேகமாகப் பயன்படுத்தப் போவதே இல்லை.

ராவில் இடைவெளியைக் குறைப்பது

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. மாஸ்க் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் இதன் அவசியம் தெரியும். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மேல் லேயர் முழுதாகத் தெரியும், கறுப்பில் கீழ் லேயர் தெரியும், சாம்பலில் இரண்டும் கலந்து தெரியும். கணக்காகச் சொன்னால் இவ்வளவுதான்:

```
விளைவு = m × வானப்படம் + (1 − m) × தரைப்படம்
```

m என்பது மாஸ்க்கின் வெண்மை, 0 முதல் 1 வரை. ஆக, கலக்கும் பகுதியில் கிடைப்பது இரண்டு படங்களின் சராசரி. அந்த இரண்டும் எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அந்தச் சராசரி இயல்பாக இருக்கும். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் ஒன்று 180, இன்னொன்று 255 என்றால் இடையில் வருவது சப்பென்று வெளுத்திருக்கும்.

அதனால் கலப்பதற்கு முன்பே இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்த்துங்கள். வானப் படத்தில் `Shadows` ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மலை முகட்டில் மதிப்பு 20ஆக இருந்தது 35, 40 வரை வந்தால் போதும். பாறையைப் பற்றி இங்கே யோசிக்க வேண்டாம், அது வரப்போவது இன்னொரு படத்திலிருந்து. தரைப் படத்தில் `Highlights` ஸ்லைடரை இறக்குங்கள். முகட்டை ஒட்டிய வானத்தில் ராவில் கொஞ்சமாவது தகவல் மிச்சமிருந்தால், 255இலிருந்து 235க்கு வந்து லேசாக நிறம் தெரியும். மிச்சமே இல்லாமல் மூன்று சேனலும் எரிந்து போயிருந்தால், எவ்வளவு இறக்கினாலும் அழுக்குச் சாம்பல்தான் வரும். அப்படி வந்தால் ஸ்லைடரைப் பழைய இடத்துக்கே கொண்டு போங்கள். அழுக்குச் சாம்பலைவிட வெள்ளை பரவாயில்லை.

ஒயிட் பேலன்ஸ் இரண்டுக்கும் ஒரே எண்ணாக இருக்கட்டும். லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தத்தை இரண்டிலும் போடுங்கள், அல்லது இரண்டிலும் விடுங்கள். ஒன்றில் மட்டும் போட்டால் ஓரங்களில் சில பிக்சல் விலகல் வந்து மலை முகடு இரட்டைக் கோடாகத் தெரியும். க்ராப் செய்வதை எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லேயர்களை அடுக்குவது

இரண்டையும் 16 பிட்டில் திறந்து ஒரே கோப்பில் அடுக்குங்கள். `File > Scripts > Load Files into Stack` இதைத் தானாகச் செய்யும். அதிலேயே தானாகச் சீரமைக்கும் தேர்வும் இருக்கிறது. ட்ரைபாட் கொஞ்சம் அசைந்திருந்தால் அதை டிக் செய்யுங்கள். ஜிம்பில் ஒரு படத்தைத் திறந்துவிட்டு, `File > Open as Layers` மூலம் இன்னொன்றைக் கொண்டு வரலாம்.

தரைப்படம் கீழே, வானப்படம் மேலே. மாற்றி வைத்தாலும் வேலை நடக்கும், ஆனால் கறுப்பு வெள்ளையை ஒவ்வொரு முறையும் தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கும். இந்த வரிசையில் "வெள்ளை என்றால் வானம்" என்று மட்டும் நினைவு வைத்தால் போதும்.

இப்போது வானப்பட லேயரைத் தேர்ந்தெடுத்து `Ctrl+G` அழுத்துங்கள். லேயர் ஒரு குரூப்புக்குள் போகும். நாம் மாஸ்க் போடப் போவது அந்தக் குரூப்புக்கு. லேயருக்கே போட்டால் என்ன என்று கேட்கலாம். இடது ஓரத்தில் மரம் நிற்கிறதே, அதற்கு இன்னொரு மாஸ்க் தேவைப்படும். லேயரின் சொந்த மாஸ்க்கை அதற்காகக் காலியாக வைத்திருக்கிறோம்.

குரூப்பைத் தேர்ந்தெடுத்து `Layer > Layer Mask > Reveal All`. வெள்ளை மாஸ்க் ஒன்று பக்கத்தில் வரும்.

கிரேடியன்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

மாஸ்க்கின் சின்னப் படத்தின் மேல் கிளிக் செய்து, அது தேர்வாகியிருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு `G` அழுத்தி கிரேடியன்ட் கருவி, `D` அழுத்தினால் முன்னிறம் வெள்ளை, பின்னிறம் கறுப்பு. மேலே உள்ள பட்டையில் நேர்கோட்டு வகையையும், முன்னிறத்திலிருந்து பின்னிறத்துக்குப் போகும் வகையையும் தேர்ந்தெடுங்கள். `Dither` என்ற தேர்வு இருந்தால் அது ஆனில் இருக்கட்டும். வானத்தில் படிப்படியான கோடுகள் விழுவதை அது குறைக்கும்.

இப்போது மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். எல்லோருக்கும் கை போவது முகட்டுக்குச் சம தூரம் மேலேயும் கீழேயும். 1275இல் தொடங்கி 1725இல் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். நடு சரியாக 1500இல், முகட்டின் மேல். என்ன ஆகிறது என்று பாருங்கள்: முகட்டை ஒட்டிய வானம் வானப்படத்தில் 180, தரைப்படத்தில் 255. அங்கே மாஸ்க் பாதி வெள்ளை என்பதால் விளைவு ஏறக்குறைய 218. அதற்கு 200 பிக்சல் மேலே போனால் மேகம் தன் இயல்பான நிறத்தில் இருக்கிறது. கீழே வர வர வெளுத்துக்கொண்டே போய், மலைக்குப் பின்னால் புகைமூட்டம் போல ஒரு பட்டை. நீங்கள் மூன்று ஸ்டாப் இறக்கிப் பாதுகாத்த விவரம் மிக அழகாக இருக்கும் இடத்திலேயே பாதி போய்விட்டது.

அதே 450 பிக்சல் நீளத்தை 1450இல் தொடங்கி 1900இல் முடித்துப் பாருங்கள். முகட்டில் மாஸ்க் இப்போது 89 சதவீதம் வெள்ளை. வானத்தின் மதிப்பு 188. மூலத்திலிருந்து எட்டுதான் கூடியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கலப்பு முழுவதும் மலையின் உடம்பில் நடக்கிறது. அங்கே இருப்பது தூரத்துக் காடும் சரிவும். முகடு கொஞ்சம் இருட்டாகவும் அடிவாரம் கொஞ்சம் வெளிச்சமாகவும் இருக்கும், ஆனால் பின்னால் சூரியன் இருக்கும் மலை நேரிலும் முகட்டில் இருண்டுதான் தெரியும் என்பதால் யாருக்கும் உறுத்தாது. ராவில் முகட்டின் நிழலை 40 வரை ஏற்றி வைத்தோமே, அதன் பலன் இங்கே கிடைக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. தரைப்படத்தில் எரிந்துபோன வானத்தின் ஒளி லென்ஸுக்குள் சிதறி, முகட்டின் மேல் விளிம்பில் வெள்ளைப் பூச்சாகப் படிந்திருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் முகட்டுக் கோடு கரைந்தது போல இருக்கும். வானப்படத்தில் அதே கோடு கூர்மையாக இருக்கிறது. கிரேடியன்டைக் கீழே தள்ளுவதால் அந்தக் கூர்மையான கோடுதான் நமக்குக் கிடைக்கிறது.

அப்போ எவ்வளவு அகலம்? எண்ணாகச் சொல்ல முடியாது. வானத்துக்கும் நமக்கு விவரம் தேவைப்படும் பொருளுக்கும் நடுவில் "யாரும் உற்றுப் பார்க்காத" பட்டை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. நம் காட்சியில் அது மலை, 400 பிக்சல். மலையே இல்லாமல் ஏரி நேராக வானத்தைத் தொடும் காட்சியில் 50, 60 பிக்சலே போதும், அடிவானம் நேர்கோடாக இருப்பதால் அவ்வளவு குறுகிய கிரேடியன்டும் தெரியாது. மேடு பள்ளமான முகட்டில் அவ்வளவு குறுக்கினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

`Shift` பிடித்துக்கொண்டு இழுத்தால் கோடு நேராக இறங்கும். மலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் `Shift` வேண்டாம், சரிவுக்குச் செங்குத்தாக இழுங்கள். சரியாக வரவில்லை என்றால் திரும்ப இழுங்கள், பழையது அழிந்து புதியது வரும். ஜிம்பில் இன்னும் வசதி: இழுத்த பிறகும் `Enter` அழுத்தும் வரை இரண்டு முனைகளையும் பிடித்து நகர்த்தலாம்.

முனைகளின் இடம் சரி, ஆனால் கலப்பு கொஞ்சம் சீக்கிரம் நடக்கிறது என்று தோன்றினால் திரும்ப இழுக்கத் தேவையில்லை. மாஸ்க் தேர்வில் இருக்கும்போது `Ctrl+L` அழுத்தி நடு ஸ்லைடரை மட்டும் தொடுங்கள். இடது பக்கம் நகர்த்தினால் மாஸ்க்கின் நடுச்சாம்பல் வெளுத்து, வானப்படம் இன்னும் கீழே வரை இறங்கும். வலது பக்கம் நகர்த்தினால் தரைப்படம் மேலேறும். வெள்ளை முனையும் கறுப்பு முனையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரம்

இப்போது மரத்தைப் பாருங்கள். உச்சி முழுக்க வானப்படத்திலிருந்து வருவதால் கறுப்பு நிழலுரு. தண்டின் அடிப்பகுதி தரைப்படத்திலிருந்து வருவதால் பட்டையின் சொரசொரப்பு வரை தெரிகிறது. ஒரே மரம் மேலே போகப் போக மை பூசியது போல ஆவதுதான் கிரேடியன்ட் மாஸ்க்கின் முத்திரைக் குறை. கோபுரம், கம்பம், ஆள் என்று முகட்டைத் தாண்டும் எதற்கும் இது நடக்கும்.

மரம் சின்னதாக, வெறும் கிளையாக இருந்தால் நான் விட்டுவிடுவேன். மாலை வானத்தில் கிளை நிழலுருவாக இருப்பதில் தவறில்லை. மரம் பெரியது, இலைகளில் விவரம் வேண்டும் என்றால்தான் இரண்டாவது மாஸ்க்.

குரூப்புக்கு உள்ளே இருக்கும் வானப்பட லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் சேருங்கள். அது தேர்வில் இருக்கும்போது `Image > Apply Image` போய், `Layer` என்ற இடத்தில் தரைப்பட லேயரையும், `Channel` என்ற இடத்தில் `Blue` என்பதையும் கொடுங்கள். `Blending` என்பது `Normal`ஆக இருக்கட்டும். தரைப்படத்தின் நீலச் சேனல் அப்படியே மாஸ்க்காக வந்து உட்காரும்: வானம் வெள்ளை, மரம் கறுப்பு. பச்சை இலையும் பழுப்புத் தண்டும் நீலத்தில் மிக இருட்டாக இருப்பதால்தான் அந்தச் சேனல்.

நீலச் சேனலை வானப்படத்திலிருந்து ஏன் எடுக்கவில்லை? மெல்லிய கிளைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். தரைப்படத்தில் வெளிச்சம் கசிந்து கிளைகள் மெலிந்திருக்கும், வானப்படத்தில் அவை முழுத் தடிமனோடு இருக்கும். வானப்படத்தை வைத்து மாஸ்க் செய்தால், தடித்த கிளை வடிவத்துக்குள் மெலிந்த கிளையும் அதைச் சுற்றி எரிந்த வானமும் தெரியும். அதுதான் மரத்தைச் சுற்றி வரும் வெள்ளை விளிம்பு. தரைப்படத்தை வைத்துச் செய்தால் விளிம்பில் கொஞ்சம் கறுப்பு வரும்; கிளை ஓரத்தில் கறுப்பு இயல்பானது.

அப்புறம் `Ctrl+L`. வலது ஸ்லைடரை உள்ளே கொண்டு வந்து வானத்தைச் சுத்தமான வெள்ளையாக்குங்கள், இடது ஸ்லைடரால் மரத்தைக் கறுப்பாக்குங்கள். ஒரேயடியாக இரண்டையும் நெருக்கினால் இலை ஓரங்கள் கத்தரித்து ஒட்டியது போல ஆகிவிடும். விளிம்பில் கொஞ்சம் சாம்பல் மிச்சமிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக, அதே பெட்டியின் அடியில் இருக்கும் `Output Levels` கறுப்பு முனையை 60 வரை நகர்த்துங்கள். இதனால் மரத்தில் கால்வாசி வானப்படமும் கலந்து நிற்கும். முழுக்கத் தரைப்படமாக விட்டால், பின்னால் சூரியன் இருக்கும்போது மரத்துக்கு முன்னால் யாரோ விளக்கு பிடித்தது போலப் பளிச்சென்று இருக்கும்.

குரூப் மாஸ்க்கும் லேயர் மாஸ்க்கும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. தரையில் ஒரு வெள்ளைப் பாறை இருந்தால், உள் மாஸ்க்கில் அது வெள்ளையாக இருக்கும். ஆனால் வெளி மாஸ்க் அங்கே கறுப்பு என்பதால் பாதிப்பில்லை. மேலே வானத்தில் வெளி மாஸ்க் வெள்ளை, உள் மாஸ்க் மரத்தை மட்டும் தடுக்கிறது. ஒரே மாஸ்க்கில் இரண்டையும் செய்ய முயன்றால் இந்தச் சுதந்திரம் கிடைக்காது. ஜிம்பிலும் 2.10 பதிப்பு முதல் குரூப்புக்கு மாஸ்க் போடலாம். அங்கே நீலச் சேனலைத் தனியாக நகலெடுத்து மாஸ்க்கில் ஒட்ட வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

`Alt` பிடித்து மாஸ்க்கின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரையில் தெரியும். தவறுதலாகத் தூரிகை பட்ட இடங்கள் அதில் உடனே அகப்படும். `Shift` பிடித்துக் கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணையும். `\` அழுத்தினால் மாஸ்க் சிவப்புப் படலமாகப் படத்தின் மேலேயே தெரியும், முகட்டுக்கும் கிரேடியன்டுக்கும் உள்ள உறவைப் பார்க்க இதுதான் நல்ல வழி.

அதைவிடப் பயனுள்ள சோதனை, படத்தை ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. பெரிதாக்கும்போது கண் இலையையும் பாறையையும் தேடுகிறது, வெளிச்சத்தின் போக்கைக் கவனிப்பதில்லை. சிறிதாக இருக்கும்போது குறுக்கே ஓடும் வெளுத்த பட்டையோ இருண்ட பட்டையோ இருந்தால் முதலில் அதுதான் தெரியும். வானத்தில் வெளுப்பு என்றால் கிரேடியன்ட் இன்னும் மேலே நிற்கிறது. மலையில் கறுப்புப் பட்டை என்றால் ராவுக்குத் திரும்பிப் போய் வானப்படத்தின் நிழலை இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது தரைப்படத்தின் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்குங்கள். கிரேடியன்டை நீட்டுவது இதற்கு மருந்தல்ல, பட்டை அகலமாவதுதான் மிச்சம்.

நம் காட்சியில் ஏரி இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரில் விழும் பிம்பம், அது பிரதிபலிக்கும் வானத்தைவிட வெளிச்சமாக இருக்க முடியாது. நேரில் எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். நாமோ வானத்தை மூன்று ஸ்டாப் இறக்கிவிட்டு, தண்ணீரை வெளிச்சமான படத்திலிருந்து எடுத்திருக்கிறோம். அதனால் ஏரி வானத்தைவிடப் பிரகாசமாக மின்னும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் "ஏதோ ஒட்டவில்லை" என்று தோன்றும்.

மேலே 180 இருக்கும் மேகத்தின் பிம்பம் தண்ணீரில் 215 என்று காட்டினால், குரூப் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மென்மையான பெரிய தூரிகையில் வெள்ளையை 20 சதவீத ஒபாசிட்டியில் வைத்து, தண்ணீரின் மேல் ஓரிரு முறை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வானப்படம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். நடுவில் நிற்கும் இருண்ட பாறைகளைச் சுற்றிக் கவனமாகப் போக வேண்டியதில்லை. உள் மாஸ்க்கில் அவை ஏற்கெனவே கறுப்பாக இருப்பதால் தூரிகை மேலே பட்டாலும் பெரிதாக மாறாது. பிம்பத்தின் மதிப்பு 170க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடலாம்.